‘எலும் பணிவான்’: படமாக வரும் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதுதல்

யாழ்ப்பாணத்து வீடுகளில் சுவாமி அறையில் இருக்கும் பழைய தேவாரப் புத்தகத்தின் பக்கமொன்று, கைப்பேசியில் படமெடுக்கப்பட்டு ரொறன்ரோவுக்கோ இலண்டனுக்கோ ஒஸ்லோவுக்கோ போவது இப்போது வழக்கமாகிவிட்டது. அங்கிருக்கும் பேரப்பிள்ளைக்குத் தமிழ் கேட்டால் விளங்கும். எழுத்துக்கூட்டி வாசிக்க வராது. “அம்மம்மா, இதை இங்கிலீசில எழுதி அனுப்புங்கோ, கருத்தையும் சொல்லுங்கோ” என்று பதில் வருகிறது. எழுதி அனுப்பப்படுகிறது. ஆனால் பிள்ளை பாடும்போது சொல் உடைகிறது, ஓசை மாறுகிறது, சில இடங்களில் பொருளே தலைகீழாகிறது. ஒவ்வொரு எழுத்தையும் சரியாகத்தானே மாற்றினோம், பிழை எங்கிருந்து வந்தது என்று அனுப்பியவர்கள் குழம்புகிறார்கள்.

பிழை பெரும்பாலும் வேலையின் ஒழுங்கில் இருக்கிறது. முதலில் எழுத்தை மாற்றுவது, பிறகு கடினமான சொற்களுக்குப் பொருள் எழுதுவது என்றே பலரும் இதைச் செய்கிறார்கள். தமிழ்ச் செய்யுளைப் பொறுத்தவரை இது நடைமுறைக்கு ஒவ்வாத ஒழுங்கு. சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரியாமல், அந்தச் சொல்லின் ஒலியை ஆங்கில எழுத்தில் எழுத முடியாது. ஏன் முடியாது என்பதை ஒரே பாட்டின் இரண்டு அடிகளை வைத்து இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

## எடுத்துக்கொண்ட இரண்டு அடிகள்

மன்னார் மாவட்டத்தில் மாதோட்டத்தில் உள்ள திருக்கேதீச்சரத்தைச் சுந்தரர் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது. அதன் முதற்பாட்டின் பிற்பாதி, அச்சுப் புத்தகங்களில் பொதுவாக இப்படிக் காணப்படும்:

> பத்தாகிய தொண்டர்தொழு பாலாவியின் கரைமேல்
> செத்தாரெலும் பணிவான்திருக் கேதீச்சரத் தானே.

ஈழத்துத் தலத்துக்குரிய பாட்டு என்பதால் நம்மவர்கள் பிள்ளைகளுக்கு விரும்பிச் சொல்லிக்கொடுக்கும் பதிகம் இது. அடிகள் சிறியவை, ஆயினும் எழுத்துப்பெயர்ப்பில் நேரக்கூடிய முக்கியமான பிழைகள் எல்லாவற்றுக்கும் இவற்றிலேயே இடம் இருக்கிறது.

## எழுத்தை மாற்றுவதா, ஒலியை மாற்றுவதா?

ஆங்கில எழுத்தில் எழுதுவது என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் அழைக்கப்படுகின்றன. இவற்றைப் பிரித்து அறியாததே குழப்பத்தின் தொடக்கம்.

முதலாவது, எழுத்துக்கு எழுத்து மாற்றுவது. ஒரு தமிழ் எழுத்துக்கு ஒரே ஓர் உரோம எழுத்து; திருப்பி மாற்றினால் மூலத் தமிழ் அப்படியே கிடைக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இத்தகைய முறையைப் பயன்படுத்தியது. 2001இல் வந்த அனைத்துலகத் தரமான `ISO 15919` இதே வழியைச் சேர்ந்தது. அந்தத் தரத்தின்படி நம் இரண்டு அடிகளும் இவ்வாறு அமையும்:

```
pattākiya toṇṭartoḻu pālāviyiṉ karaimēl
cettārelum paṇivāṉtiruk kētīccarat tāṉē
```

ஆய்வுக் கட்டுரைக்கும் நூலகப் பட்டியலுக்கும் இது மிகச் சிறந்தது. பாடப்போகும் பிள்ளைக்கு இது உதவாது என்பது மட்டுமன்றித் தவறான வழியையும் காட்டும். `cettār` என்பதில் உள்ள `tt` யை ஆங்கிலம் படித்த பிள்ளை டகரமாக ஒலிக்கும். ‘செத்தார்’ என்பது ‘செட்டார்’ ஆகிவிடும். `pattākiya` என்பது ‘பட்டாகிய’ என்று வாயில் வரும். இந்த முறையில் `t` என்பது தகரம், கீழே புள்ளியிட்ட `ṭ` என்பது டகரம் என்பதை முன்பே அறிந்தவருக்கே அது சரியாக ஒலிக்கும்.

இரண்டாவது, ஒலியை எழுதுவது. காதில் விழுவதை, வாசிப்பவருக்கு ஏற்கெனவே பழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் தருவது. இங்கே திருப்பி மாற்றும் வசதி இல்லை. பாடும் வசதி உண்டு. வீட்டார் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் தமிழில் ககரம், சகரம், டகரம், தகரம், பகரம் ஆகியவை நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறுபவை. பல்லில் வரும் பகரம் `p`. அம்பில் வரும் பகரம் `b`. எழுத்து ஒன்றே, ஒலி இரண்டு. ஆகவே ஒலியை எழுதுபவர் ஒவ்வொரு வல்லெழுத்திலும் அது சொல்லின் முதலில் நிற்கிறதா, நடுவில் நிற்கிறதா, மெல்லெழுத்துக்குப் பின்னால் நிற்கிறதா என்று முடிவு செய்ய வேண்டியவராகிறார். சொல்லின் எல்லை தெரியாமல் அந்த முடிவை எடுக்க முடியாது.

## முதற்படி: படத்தை வாசித்தல்

படத்தில் உள்ள எழுத்து எதுவென்று உறுதியாகாமல் அடுத்த படிக்குப் போவதில் பயனில்லை. பழைய அச்சிலும் மங்கிய தாளிலும் நான்கு இடங்கள் அடிக்கடி ஏமாற்றும்.

1. புள்ளி. மை குறைந்த அச்சில் மெய்யெழுத்தின் புள்ளி படத்தில் விழுவதில்லை. ‘தொண்டர்தொழு’ என்பது ‘தொணடரதொழு’ போலத் தோன்றும்.
2. ரகரமும் காலும். பல பழைய அச்செழுத்துகளில் ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேறுபாடு அடியிலுள்ள சிறு சாய்கோடு மட்டுமே. அது மங்கினால் எது ரகரம், எது கால் என்று தெரியாமல் ‘பாலாவி’ ‘பரலாவி’ ஆகும்.
3. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும். ‘செ’, ‘சே’ என்ற வேறுபாடு கொம்பின் மேற்சுழியில் மட்டும் இருக்கிறது. படத்தைச் சுருக்கி அனுப்பும்போது முதலில் அழிவது அதுதான்.
4. சுழிகள். ‘ண’வுக்கு மூன்று சுழி, ‘ன’வுக்கு இரண்டு.

இவற்றுள் எது ஆபத்தானது என்று கேட்டால், பொருளற்ற சொல்லைத் தரும் பிழை ஆபத்தானதன்று. ‘பரலாவி’ என்று வாசித்தவர் உடனே நின்று யோசிப்பார். பொருளுள்ள வேறொரு சொல்லைத் தரும் பிழையே கவனத்தில் படாமல் தப்பிவிடும். ‘பணிவான்’ என்பதில் ஒரு சுழி மங்கினால் ‘பனிவான்’ என்றாகிறது. பனி, வான் என இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள். பாட்டில் இயற்கை வருணனை வந்துவிட்டதென்று வாசிப்பவர் நினைத்துக்கொள்ளலாம். ஆங்கில எழுத்தில் இரண்டுக்குமே `panivaan` என்று எழுதிவிட்டால் பிழை நடந்த தடமே இருக்காது.

செய்யுளில் ஒரு நல்ல துணை உண்டு, அது எதுகை. முதலெழுத்து அளவில் ஒத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை. இந்தப் பாட்டின் நான்கு அடிகளும் நத்தார், மத்தம், பத்தாகிய, செத்தார் என்று தொடங்குகின்றன. நான்கிலும் முதலெழுத்துக் குறில். இரண்டாம் எழுத்துத் தகர ஒற்று. ஆகவே கடைசி அடியின் முதலெழுத்து ‘செ’ யா ‘சே’ யா என்று படத்தில் தெரியாவிட்டாலும், மற்ற மூன்று அடிகளும் குறிலில் தொடங்குவதால் அது ‘செ’ தான். புள்ளி விழாமல் ‘செததார்’ என்று தெரிந்தாலும் அதே காரணத்தால் ‘செத்தார்’ என்று திருத்தலாம். இந்தச் சோதனைக்கு நான்கு அடிகளின் தொடக்கமும் படத்தில் இருக்க வேண்டும். ஐயமான அடியை மட்டும் வெட்டி எடுத்து அனுப்புவது பெரும் இழப்பு. முழுப் பாட்டையும் படமெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும்.

பழைய புத்தகமானால் எழுத்து வடிவத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களிலும், அதற்குப் பின்னரும் இங்கே அச்சான பல நூல்களிலும் ணா, றா, னா ஆகியவையும் ணை, லை, ளை, னை ஆகியவையும் பழைய வடிவத்தில் இருக்கும். நாம் எடுத்துக்கொண்ட அடிகளில் அவை இல்லை. ஆனால் இதே பாட்டின் இரண்டாம் அடியில் வரும் ‘யானை’ என்ற சொல்லின் கடைசி எழுத்து, பழைய அச்சில் மேலே வளைந்த தும்பிக்கை போன்ற வடிவில் இருக்கும். இளையவர்கள் தடுமாறும் எழுத்து அது.

படமெடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தில், பக்கத்தை மட்டமாக விரித்து, கைப்பேசியைப் பக்கத்துக்கு நேராகப் பிடித்து எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் எடுத்த அளவிலேயே போகும்.

## இரண்டாம் படி: சீர் இடைவெளியைச் சொல் இடைவெளியாகக் கொள்ளாமை

பெரும்பாலான பிழைகளின் வேர் இங்கேதான் இருக்கிறது. உரைநடையில் இரண்டு சொற்களுக்கு இடையே இடம் விடுகிறோம். தேவாரப் பதிப்புகளில் பலவும் சொற்களுக்கு இடையே இடம் விடாமல், சீர்களுக்கு இடையே இடம் விடுகின்றன. சீர் என்பது பாட்டின் ஓசையை அளக்கும் அலகு. அது சொல்லின் நடுவிலும் முடியலாம்.

நம் அடிகளை அளந்து பார்த்தால் இது தெளிவாகும். பத்/தா/கிய, தொண்/டர்/தொழு, பா/லா/வியின், கரை/மேல் என்பது முதலடி. செத்/தா/ரெலும், பணி/வான்/திருக், கே/தீச்/சரத், தா/னே என்பது அடுத்தது. ஒவ்வோர் அடியிலும் மூவசைச் சீர் மூன்று, ஈரசைச் சீர் ஒன்று. அச்சுக் கோத்தவர் இந்த அளவைக் கண்ணுக்குக் காட்டியிருக்கிறார். ஓதுபவருக்கு அது உதவி. பொருள் தேடுபவருக்கு அது பொறி.

முதற்பொறி ‘எலும் பணிவான்’. அச்சில் ‘பணிவான்’ தனிச் சொல்போல நிற்கிறது. பணிதல் என்றால் வணங்குதல். பணிவான் என்றால் வணங்குவான். முன்னடியில் தொண்டர் தொழுகிறார்கள், ஆகவே இங்கே யாரோ பணிகிறார் என்று கொள்வது எளிதாகவும் இருக்கிறது. ஆனால் ‘எலும்’ என்று தமிழில் தனிச் சொல் இல்லை. இப்படித் தனித்து நிற்க முடியாத ஒரு துண்டு எஞ்சுவதே, சொல் தவறான இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம். இரண்டையும் சேர்த்து ‘எலும்பணிவான்’ என்று பார்த்தால் எலும்பு, அணிவான் என்ற இரண்டு சொற்கள் வெளிப்படுகின்றன. ‘எலும்பு’ என்பதன் இறுதி உகரம் அடுத்து வரும் அகரத்தின் முன் கெட்டு, பகர ஒற்றின் மேல் அகரம் ஏறி ‘எலும்பணிவான்’ ஆயிற்று. இறைவன் யாரையும் வணங்கவில்லை, எலும்பை அணிந்திருக்கிறான்.

இப்போது ஒலியைக் கவனிக்க வேண்டும். ‘பணிவான்’ தனிச் சொல்லானால் பகரம் சொன்முதலில் நிற்கிறது; ஆகவே `p`. ‘எலும்பு’ என்ற சொல்லின் பகரம் மகர ஒற்றுக்குப் பின் நிற்கிறது, ஆகவே `b`. அச்சை அப்படியே பின்பற்றியவர் எழுதுவது முதல் வரி. சொல்லை அறிந்தவர் எழுதுவது இரண்டாம் வரி:

```
elum panivaan
elumb-aNivaan
```

முதல் வரியை வாசிக்கும் பிள்ளை ‘எலும்’ என்று நிறுத்தி, வன்மையான பகரத்துடன் ‘பணிவான்’ என்று தொடங்கும். எழுத்துகளில் எதுவும் விடுபடவில்லை. ஆயினும் பாடப்படுவது வேறு பாட்டு. பொருளை அறிவது எழுத்துப்பெயர்ப்புக்கு முன் செய்யவேண்டிய வேலை என்று சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

இரண்டாம் பொறி ‘கேதீச்சரத் தானே’. நம்முடைய பேச்சில் ‘தெரியும்தானே’, ‘வந்தவதானே’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் ‘தானே’ வரும். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மிகவும் பழகிய சொல் அது. அச்சில் தனியாக நிற்கும் ‘தானே’யைப் பார்த்ததும், ஏதோ உறுதிப்படுத்திச் சொல்லப்படுகிறது என்று எண்ணிக்கொள்ளும். உண்மையில் அது ‘கேதீச்சரத்தான்’ என்ற பெயரின் பிற்பகுதி. கேதீச்சரம் என்ற மகர ஈற்றுப் பெயர் அத்துச் சாரியை பெற்று, ‘ஆன்’ விகுதி சேர்ந்து ‘கேதீச்சரத்தான்’, அதாவது கேதீச்சரத்தில் உள்ளவன் என்றாகிறது. இறுதி ஏகாரம் தேற்றம். பாட்டை முடித்து நிறுத்துவதற்கும் அது உதவுகிறது.

இதே வகையில் ‘பணிவான்திருக்’ என்று ஒட்டி நிற்பதைப் பிரித்து, ‘திரு’ கேதீச்சரத்துக்கு உரியதென்று காண வேண்டும். பிரித்த வடிவம் இது:

> பத்து ஆகிய தொண்டர் தொழு பாலாவியின் கரைமேல்
> செத்தார் எலும்பு அணிவான் திருக்கேதீச்சரத்தானே.

இந்த வடிவம் பொருள் காண்பதற்கு மட்டுமே உரியது. ‘பத்தாகிய’ என்பதில் உள்ள மூன்று அசைகள், ‘பத்து ஆகிய’ என்று பிரித்துப் பாடினால் நான்காகிவிடும். ‘எலும்பு அணிவான்’ என்பதிலும் அப்படியே ஓர் அசை கூடும், தாளம் தள்ளும். ஆகவே ஆங்கில எழுத்தில், சேர்ந்த ஒலியைச் சேர்த்தே எழுத வேண்டும். சொல்லின் எல்லையை மட்டும் சிறு கோட்டால் காட்டலாம்.

## மூன்றாம் படி: கடினமான சொற்கள்

கடினமான சொல் என்றால் பழைய சொல் என்று மட்டும் பொருளன்று. இதே பாட்டின் முற்பாதியில் வரும் ‘கவுள்’, ‘உரி’ போன்றவை தெரியாத சொற்கள் என்பது பார்த்தவுடனேயே தெரியும். அகராதியைத் திறந்தால் கன்னம், தோல் என்று விடை கிடைக்கும். கூடுதல் கவனம் வேண்டுவது, தெரிந்த சொல்லைப் போலத் தோன்றி வேறு பொருளில் நிற்கும் சொற்களுக்குத்தான். நம் அடிகளில் உள்ளவை எல்லாம் அத்தகையவை.

பத்து. எண்ணிக்கையாகக் கொண்டு பத்துத் தொண்டர்கள் என்று பொருள் எழுதியனுப்புவது மிக எளிதில் நேரும் பிழை. இங்கே பத்து என்பது பத்தி, பற்று, அன்பு என்ற பொருளது. திருவெம்பாவையில் ‘பத்துடையீர்’ என்று வருவதும் இதே சொல். அங்கே பத்துக் குணங்களை உடையவர்கள் என்று எண்ணை வைத்து விளக்கம் சொல்வாரும் உண்டு. ஆனால் இந்த அடியில் அன்பு என்ற பொருளே நேராகவும் இயல்பாகவும் பொருந்துகிறது. பிள்ளைக்கு எழுதும் குறிப்பில் அதை மட்டும் தருவதே நல்லது.

தொழு. தனியே பார்த்தால் ‘வணங்கு’ என்ற ஏவல். இங்கே அது வினைத்தொகை. காலம் காட்டும் உறுப்பு மறைந்து நிற்கிறது. தொண்டர் தொழுத, தொழுகின்ற, தொழும் பாலாவி என்று மூன்று காலத்துக்கும் விரியும். ஆங்கிலத்தில் பொருள் எழுதுபவர் இதைக் கட்டளையாக எழுதிவிட்டால் வாக்கியமே குலையும்.

பாலாவி. இது திருக்கேதீச்சரத்தில் உள்ள தீர்த்தத்தின் பெயர். பெயருக்குப் பொருள் எழுத முற்பட்டுப் பால், ஆவி என்று பிரிப்பவர்கள் பாலிலிருந்து எழும் ஆவிக்குப் போய்விடுகிறார்கள். பெயரைப் பெயராகவே விட்டு, தீர்த்தம் என்று ஒரு சொல்லில் குறிப்புத் தந்தால் போதும். இன்னொரு சிக்கலும் உண்டு. புத்தளத்துக்கு அருகிலும் பாலாவி என்ற ஊர் இருக்கிறது. வெளிநாட்டிலுள்ள பிள்ளை வரைபடத்தில் `Palavi` என்று தேடினால் அங்கே போய் நிற்கக்கூடும். ஆகவே குறிப்பில் மன்னார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

செத்தார். இக்காலத்தில் மனிதரின் மரணத்தை நாம் இந்தச் சொல்லால் குறிப்பதில்லை. காலமானார், மோசம் போனார் என்போம். ‘செத்தார்’ என்று கேட்கும் பிள்ளைக்கு அது மரியாதையற்ற சொல்லாகப்படலாம். பாட்டில் அவமதிப்பு எதுவும் இல்லை. ‘இறந்தவர்கள்’ என்ற பொருளில் வினையாலணையும் பெயராக அது நிற்கிறது. யாருடைய எலும்பு என்ற கேள்வியும் வரும். ஊழிதோறும் இறந்துபடும் தேவர்களின் எலும்புகளைச் சிவன் அணிகிறான் என்பது சைவ மரபு. எல்லாம் அழிந்த பின்னும் எஞ்சி நிற்பவன் அவன் என்பது அதன் கருத்து. இந்த ஒரு வரி விளக்கம் இல்லாவிட்டால், எலும்பு அணிதல் என்பது பிள்ளைக்கு அச்சமூட்டும் படமாக மட்டும் நின்றுவிடும்.

அணிவான். எதிர்கால வினையாகக் கொண்டு ‘அணிந்துகொள்வான்’ என்று எழுதுவது தவறு. ‘அணிபவன்’ என்ற பெயர் இது. கரைமேல் இருப்பவன், எலும்பை அணிபவன், திருக்கேதீச்சரத்தான் என்று ஒருவனையே சுட்டும் பெயர்கள் அடுக்கி வருகின்றன.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் பொருள் இது: அன்பு மிகுந்த அடியார்கள் தொழுகின்ற பாலாவியின் கரையில், இறந்தவர்களின் எலும்பை அணிபவனாக இருக்கிறான் திருக்கேதீச்சரத்து இறைவன்.

## நான்காம் படி: ஆங்கில எழுத்தில் எழுதுதல்

சொல்லும் பொருளும் உறுதியான பின் எஞ்சுவது எழுத்துக்கூட்டல். இங்கே எந்த முறையைத் தேர்ந்தாலும் குறை உண்டு. ஒரு முறையைத் தேர்ந்து, தொடக்கம் முதல் முடிவு வரை அதையே பின்பற்றுவதுதான் முக்கியம்.

யாழ்ப்பாணத்தாருக்கென்று நீண்டகாலப் பழக்கம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் பட்டுக்கோட்டையை `Pattukkottai` என்று எழுதுகிறார்கள். நாம் வட்டுக்கோட்டையை `Vaddukoddai` என்று எழுதுகிறோம். இரட்டை டகரத்துக்கு அங்கே `tt`, இங்கே `dd`. தகரத்துக்கு நாம் பெரும்பாலும் `th` எழுதினாலும், தெல்லிப்பளையை `Tellippalai` என்றும் `Thellippalai` என்றும் இரண்டு விதமாகவும் காணலாம். பெயர்ப்பலகையில் இந்தக் கலப்பு இருந்தால் ஊர் தவறிப்போகாது. பாட்டில் இருந்தால் தகரமும் டகரமும் கலந்து போகும். வெளிநாட்டிலுள்ள நம் குடும்பத்தார் தங்கள் பெயர்களையே இந்தப் பழக்கத்தில் எழுதிப் பழகியவர்கள். ஆகவே யாழ்ப்பாண முறையையே ஒழுங்குபடுத்திக் கையாள்வது நல்லது:

1. த் என்பதற்கு எப்போதும் `th`, இரட்டித்தால் `thth`. நீளமாகத் தெரிந்தாலும் சுருக்கக் கூடாது. சுருக்கினால் ‘பத்தாகிய’ என்பது ‘பதாகிய’ ஆகிவிடும்.
2. ண்ட என்பதற்கு `Nd`, ம்ப என்பதற்கு `mb`.
3. நெடிலுக்கு `aa`, `ee`. ஏகாரத்துக்கு மட்டும் `ae`. ‘மேல்’ என்பதை `meel` என்று எழுதினால் ஆங்கிலப் பழக்கத்தில் அது ‘மீல்’ என்று ஒலிக்கும்.
4. ழ என்பதற்கு `zh`. ண, ள இரண்டுக்கும் பெரிய எழுத்தாக `N`, `L`.
5. சொன்முதற் சகரத்துக்கு `s`. இரட்டைச் சகரத்துக்கு `chch`.

நான்காவது விதியைப் பலர் அழகில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ணகரமும் னகரமும் ஒன்றாகிவிட்டால் மேலே கண்ட ‘பனிவான்’ போன்ற பிழைகளைப் பிடிக்கவே வழியில்லாமல் போகும். ஆகவே அழகு குறைந்தாலும் அதை வைத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து.

இந்த விதிகளின்படி முடிவான வடிவம்:

```
paththaagiya thoNdar thozhu Paalaaviyin karaimael
seththaar elumb-aNivaan Thirukkaetheechcharaththaanae
```

கடைசிச் சொல்லில் ஒரு தடுமாற்றம் எழலாம். கோயிலின் பெயரைப் பலகையிலும் வரைபடத்திலும் `Thiruketheeswaram` என்றே பார்த்துப் பழகியவர், பாட்டிலும் அதையே இட்டு நிரப்ப முற்படுவார். சுந்தரர் பாடியது ‘கேதீச்சரம்’. வடமொழி ‘ஈஸ்வரம்’ தமிழ் ஒலிக்கு ஏற்பத் திரிந்த வடிவம் அது. அசை எண்ணிக்கை மாறாததால் தாளத்தில் இந்த மாற்றம் பிடிபடாது. ஆனால் பாட்டின் ஓசை மாறிவிடும். பாட்டுக்குள் `chch`, இடக்குறிப்பில் வழக்கமான எழுத்துக்கூட்டல் என்று இரண்டையும் தனித்தனியே தருவதே முறை.

ககரத்தைப் பற்றி ஒரு சொல். ‘ஆகிய’ என்பதில் இரண்டு உயிர்களுக்கு நடுவே நிற்கும் ககரம், ஆங்கில `g` அளவுக்கு வன்மையானது அன்று; `h` அளவுக்கு மென்மையானதும் அன்று. சரியான எழுத்து ஆங்கிலத்தில் இல்லை. `g` என்று எழுதிவிட்டு, எப்படி ஒலிப்பது என்பதைக் குரலில்தான் சொல்ல வேண்டும். ழகரத்தின் நிலையும் இதுவே.

## அனுப்புவதற்கு முன் சரிபார்த்தல்

அனுப்பும் தாளில் மூன்று வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்க வேண்டும்: புத்தகத்தில் உள்ளபடி தமிழ், சொற்பிரித்த தமிழ், ஆங்கில எழுத்து. தமிழ் வாசிக்காத பிள்ளைக்குத் தமிழ் வரிகள் எதற்கு என்று அவற்றை விட்டுவிடக் கூடாது. ஆங்கில எழுத்து வடிவத்திலிருந்து மூலத்துக்குத் திரும்ப வழியில்லை. அந்தத் தாள் இன்னொருவர் கைக்குப் போய், அவர் அதை மறுபடி தமிழில் எழுத முற்பட்டால், ந, ன என்ற வேறுபாடும் ர, ற என்ற வேறுபாடும் ஊகத்துக்கு விடப்பட்டுவிடும்.

அதன்பின் பிள்ளையை அந்த வரியை வாசித்துக் குரற்பதிவாக அனுப்பச் சொல்ல வேண்டும். பாட வேண்டாம், வாசித்தால் போதும். பாடும்போது இராகம் பல பிழைகளை மறைத்துவிடும். பதிவைக் கேட்கும்போது காது கொடுக்கவேண்டிய இடங்கள் மூன்று. ‘எலும்ப’ என்பதில் நிறுத்தமின்றி `b` ஒலி வருகிறதா, ‘பத்தா’வில் தகரம் அழுத்தமாக இரட்டிக்கிறதா, ‘கேதீச்சரத்தானே’ ஒரே மூச்சில் ஒரே சொல்லாக முடிகிறதா. முதலாவதில் நிறுத்தம் கேட்டால் சிறு கோடு பிள்ளையைக் குழப்புகிறது என்று பொருள். கோட்டை எடுத்துவிட்டு `elumbaNivaan` என்று சேர்த்து எழுதி மறுபடி அனுப்ப வேண்டும். இரண்டாவதில் தகரம் டகரமாகக் கேட்டால், `th` என்ற எழுத்து தமிழில் எந்த ஒலியைக் குறிக்கிறது என்பதை ‘அத்தை’, ‘தாத்தா’ என்று பிள்ளைக்குப் பழகிய சொற்களைச் சொல்லிக் காட்டினால் அடுத்த பதிவில் சரியாகிவிடும்.